கத்தரிக்கோல் வரைந்த முகங்கள்

கறுப்புக் கடுதாசியில் வெட்டப்பெற்ற ஒரு தலையுருவிற் கண்கள் இல்லை. கன்னத்தின் நிறம் இல்லை. நகையோ சினமோ காட்டும் சுருக்கங்கள் இல்லை. இருப்பது ஓர் ஓரம் மட்டுமே. நெற்றியிலிருந்து இறங்கி, மூக்கின் அடியில் உள்வாங்கி, உதடுகளைக் கடந்து, மோவாயில் முடியும் ஒற்றைக் கோடு அது. ஆயினும் அவ்வுருவைக் கண்ட தாய், 'இவன் என் மகன்' என ஐயமின்றிச் சொல்லிவிடுகிறாள். தட்டையான ஒரு துண்டுக் கடுதாசி இத்தனையும் எவ்வாறு தாங்கி நிற்கிறது என்ற கேள்வியே பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலிருந்து ஏறத்தாழ நூறாண்டுக் காலம் ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் ஒரு தொழிலை வளர்த்தது.

நிழலைப் பற்றிப் பிடிக்கும் எண்ணம் மிகப் பழையது. கொரிந்து நகரத்துக் குயவன் ஒருவனுடைய மகள், பிரிந்து செல்லவிருந்த காதலனின் முகநிழலை விளக்கொளியிற் சுவரிலே கோடிட்டு வைத்தாள் என்றும், தந்தை அக்கோட்டினுள்ளே களிமண் அப்பிச் சுட்டெடுத்தான் என்றும் உரோம ஆசிரியர் பிளினி ஒரு கதை எழுதிவைத்தார். கதை மெய்யோ பொய்யோ, அக்காதலி கையாண்ட முறையே பின்னர் ஐரோப்பிய வரவேற்பறைகளிற் பொழுதுபோக்காயிற்று. இவ்வுருக்களுக்கு வழங்கும் 'சிலுவெத்' என்னும் பெயர் மட்டும் ஒரு நிதியமைச்சரிடமிருந்து வந்தது. 1759ஆம் ஆண்டிற் பிரான்சு தேசத்தின் நிதிப் பொறுப்பை ஏற்று, ஏறத்தாழ எட்டு மாதங்களில் அதனை இழந்த எத்தியன் த சிலுவெத் என்பார் சிக்கனத்துக்குப் பெயர்போனவர். வண்ண ஓவியத்துக்குப் பணமில்லாதவர் வாங்கும் மலிவான படத்துக்கு அவர் பெயரைச் சூட்டி மக்கள் நகைத்தனர். நகைப்பு மறைந்தது, பெயர் நிலைத்தது.

அக்காலத்தில் நிழலுருவை நகைப்புக்குரியதாகக் கொள்ளாதவர் ஒருவர் இருந்தார். சூரிச் நகரத்து மதகுரு லாவாற்றர், முக அமைப்பைக் கொண்டு ஒருவரின் குணத்தை அறியலாம் என்று நம்பியவர். 1775 முதல் 1778 வரை அவர் வெளியிட்ட பெரிய நூலின் தொகுதிகளில் நிழலுருவங்கள் நிரம்பியுள்ளன. அவருடைய கொள்கையைப் பிற்கால அறிவியல் ஒதுக்கித் தள்ளிவிட்டது. அவர் பயன்படுத்திய நாற்காலியோ இன்றும் கவனிக்கத்தக்கது. நாற்காலியின் ஒரு பக்கத்தில் நிமிர்ந்த சட்டமொன்று உண்டு. எண்ணெய் தோய்த்து உலர்த்திய மெல்லிய கடுதாசி அதிற் பொருத்தப்படும். மறுபக்கத்தில் ஒரு மெழுகுதிரி. இடையே அமர்ந்தவரின் நிழல் கடுதாசியில் விழ, சட்டத்துக்கு அப்பால் இருப்பவர் அதனைக் கோடிட்டு எடுப்பார். பின்னர் அக்கோட்டினை நெம்புகோற் கருவியொன்றாற் சிறிதாக்கிக்கொள்வர்.

கேட்பதற்கு எளிதாகத் தோன்றும் இம்முறை எங்கே பிழைக்கும் என்பதைச் சற்று விரித்துக் கூறவேண்டும். முகச்சாயல் எங்கே தங்கியிருக்கிறது என்பது அப்பொழுதே புலப்படும். தலைக்கும் கடுதாசிக்கும் இடையே அரையடித் தூரம் இருப்பதாகக் கொள்வோம். மெழுகுதிரி ஆறடிக்கு அப்பால் நின்றால், நிழல் தலையிலும் பன்னிரண்டில் ஒரு பங்கே பெரிதாகும். சுடரின் அகலம் அரை அங்குலமானால் நிழலோரத்து மங்கல் ஓர் அங்குலத்தில் இருபத்துநான்கில் ஒரு பங்குக்கு மேற் போகாது. அதே மெழுகுதிரியை ஓரடித் தூரத்துக்குக் கொண்டுவந்தால், தலை ஒன்றரை மடங்காகப் பெருப்பதோடு, ஓரம் கால் அங்குல அகலத்துக்கு மங்கிவிடும். மேலுதட்டின் விளிம்பும் இமைமயிரும் அந்த மங்கலினுள் அமிழ்ந்துபோம். கோடிடுபவர் கண்டதை விடுத்துத் தாம் நினைத்ததை வரையத் தொடங்குவது இந்த இடத்திலேதான்.

இரண்டாவது பிழை, தலை திரும்புவதால் வருவது. அமர்ந்திருப்பவர் கடுதாசிப் பக்கமோ விளக்குப் பக்கமோ சிறிது முகம் திருப்பினாலும், மூக்கின் நீளம் அதிகம் மாறுவதில்லை. எனவே பலரும் பிழையை உணர்வதில்லை. மாறுவது மூக்கின் அடிவேரில், இரு கண்களுக்கும் நடுவே உள்ள பள்ளம். மற்றப் பக்கத்துப் புருவம் அப்பள்ளத்தினுள் எட்டிப் பார்த்து அதனை நிரப்பிவிடும். இமைமயிரின் நுனி மறைந்துபோம். பள்ளம் ஆழமற்றும் இமைமயிர் காணாமலும் இருந்தால், அந்நிழல் நேரான பக்கத் தோற்றம் அன்று என்று அறிந்துகொள்ளலாம். அவ்வாறு எடுத்த உருவம் எவருடையதோ ஒரு முகமாக இருக்கும், அமர்ந்தவருடையதாக இராது.

நிழல் நடுங்கும், மங்கும் என்ற குறைகளைப் போக்க எழுந்தவை பொறிகள். அவற்றுள் ஒன்றின் வரலாறு, பொறியை விட்டு அதனருகில் நின்ற மனிதரின்மேல் நம் கருத்தைத் திருப்புகிறது. அமெரிக்காவின் பிலடெல்பியா நகரில் சாள்ஸ் வில்சன் பீல் என்ற ஓவியர் ஓர் அரும்பொருட்சாலை நடத்திவந்தார். அவருடைய நண்பர் ஜோன் ஐசாக் ஹோக்கின்ஸ் அமைத்த முகவரைபொறி பத்தொன்பதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அங்கே வைக்கப்பட்டது. அதற்கு விளக்கு வேண்டியதில்லை. பித்தளைச் சிறு கம்பி ஒன்று அமர்ந்தவரின் முகத்தையே தொட்டுத் தடவிச் செல்லும். அதனோடு இணைந்த மற்றோர் முனை, அதே கோட்டினை இரண்டங்குலத்துக்கும் குறைந்த அளவிற் கடுதாசியிற் பதிக்கும். கடுதாசி இருமுறை மடித்து வைக்கப்பட்டிருப்பதால் ஒரே வெட்டில் நான்கு உருவங்கள் கிடைக்கும். இங்கே வெட்டி எடுத்த தலையை எறிந்துவிட்டு, தலை வடிவான துளையுள்ள வெள்ளைத் தாளையே வைத்துக்கொள்வர். அத்துளையின் பின்னே கறுப்புக் கடுதாசியோ துணியோ வைத்தால் உருவம் தோன்றும். உட்குழி வெட்டு எனலாம்.

கோட்டைப் பொறி தந்தது. வெட்டியவர் மொசெஸ் வில்லியம்ஸ். பீலின் வீட்டில் அடிமைகளாக இருந்த பெற்றோருக்குப் பிறந்தவர் அவர். பெற்றோர் 1786இல் விடுதலை பெற்றபோதும் அவருக்கு அது கிட்டவில்லை. பீலின் பிள்ளைகளோடு ஒரே வீட்டில் வளர்ந்தும், அவர்களுக்கு வண்ணமும் தூரிகையும் பயிற்றப்பட, இவர் கைக்கு வந்தவை அரும்பொருட்சாலையின் வேலைகளும் இந்தப் பொறியுமே. ஏறத்தாழ இருபத்தேழு வயதில் விடுதலை பெற்ற அவர், வெட்டுக்கூலியாக ஓர் உருவத்துக்கு எட்டுச் சதம் பெற்றுத் தொழில் செய்தார். முதலாண்டில் மாத்திரம் 8,000க்கு மேற்பட்ட உருவங்கள் அங்கே வெட்டப்பட்டன. அந்தச் சில்லறைக் காசுகளைக் கொண்டே அவர் சொந்தமாக ஒரு வீடு வாங்கினார். பீல் குடும்பத்திற் சமையல் செய்துவந்த மரியா என்னும் வெள்ளைப் பெண்ணை மணந்தார். துளையிலிருந்து விழுந்த தலைத்துண்டுகளை அவர் பீப்பாய்களிற் சேர்த்து வைத்திருந்தார் என்றும், அவற்றுக்கு 'மரத்தலைகள்' என்று வேடிக்கையாகப் பெயரிட்டிருந்தார் என்றும் பீலின் மகன் ஒருவர் முதுமையில் நினைவுகூர்ந்தார்.

பொறி கோடிட்ட பின்னர் வெட்டுபவருக்கு என்ன வேலை என்று கேட்கலாம். இரண்டங்குல உருவத்தை விட்டு, சற்றுப் பெரிய ஒன்றையே எடுத்துக்கொள்வோம். தோள் உட்பட மூன்றங்குல உயரமுள்ள உருவத்தில், மயிர் தொடங்கும் இடத்திலிருந்து மோவாய் வரை ஒன்றரை அங்குலம் அமையும். மூக்கின் அடியிலிருந்து மேலுதட்டு விளிம்பு வரை உள்ள தூரம் அதிற் பன்னிரண்டில் ஒரு பங்கு. அதாவது அரைக்கால் அங்குலம். பென்சிற் கோட்டின் அகலமே இதில் ஆறில் ஒரு பங்கு வந்துவிடும். கத்தரிக்கோல் கோட்டின் உட்புறமாகச் செல்வதும் வெளிப்புறமாகச் செல்வதும் ஒன்றாகா. மேலுதடு அவ்வளவுக்குக் குறுகினால் ஒருவர் பத்து வயது இளையவராகலாம், நீண்டால் கடுகடுத்தவராகலாம். ஆகவே பொறி எத்துணை நுட்பமாக அளந்து கொடுத்தாலும் இறுதித் தீர்ப்பு கத்தரிக்கோல் பிடித்த விரல்களுடையதாகிறது. அதே பொறியைப் பின்னாளிற் பிறர் கையாண்டபோது பலர் சோர்ந்துபோனதற்கும், மொசெஸ் வில்லியம்ஸின் வெட்டுக்களிற் பல இன்றும் உயிரோடு நிற்பதற்கும் காரணம் இதுவே எனலாம்.

பிலடெல்பியாவின் பழைய நூலகமொன்றில் 'மொசெஸ் வில்லியம்ஸ், உருவம் வெட்டுபவர்' என்று எழுதப்பட்ட ஒரு நிழலுரு இருக்கிறது. நெடுங்காலம் அது பீலின் மகன் றபாயேல் செய்தது எனக் கருதப்பட்டது. அதை நுணுகி ஆராய்ந்த கலைவரலாற்றாசிரியை குவென்டலின் ஷோ, பொறி பதித்த கோடும் கத்தரிக்கோல் சென்ற வழியும் தலைமயிரின் பகுதியில் ஒன்றுபடவில்லை எனக் கண்டார். வெட்டிய கை வேண்டுமென்றே விலகிச் சென்றிருக்கிறது. அது மொசெஸ் வில்லியம்ஸ் தம்மைத் தாமே வெட்டிய உருவமாக இருக்கலாம் என்பது அவருடைய கருத்து. எல்லோரும் அதனை ஏற்றுக்கொண்டனர் என்று சொல்வதற்கில்லை. எனினும் ஆயிரமாயிரம் முகங்களைப் பொறியின் கோட்டில் வெட்டிக் கொடுத்த ஒருவர், தம் முகம் வந்தபோது தலைமயிர் எவ்வாறு இருக்கவேண்டும் என்பதைத் தாமே முடிவு செய்தார் என்ற எண்ணம் எளிதில் மறக்கக்கூடியதன்று. வெள்ளையர், கறுப்பர் என்ற பிரிவு சட்டமாக நின்ற நாட்டில், எல்லோரையும் ஒரே கறுப்பில் வெட்டிய தொழில் அவருடையது.

பொறியை அறவே வெறுத்த ஒருவரும் இக்கலை வரலாற்றில் உண்டு. ஓகுஸ்த் எதுவார், பிரான்சின் டங்கேர்க்கு நகரில் 1789இற் பிறந்தவர். நெப்போலியனின் படையிற் பணியாற்றியவர். 1814இல் இங்கிலாந்துக்கு வந்து, பிரெஞ்சு மொழி கற்பித்தும், மயிரைக் கொண்டு சிறு படங்கள் செய்தும் காலங்கழித்தார். 1825ஆம் ஆண்டின் இறுதியில், தமக்குத் தெரிந்த ஒரு குடும்பத்தார் பொறியால் எடுத்த நிழலுருவைப் பெருமையோடு காட்ட, அதில் சாயலே இல்லை என்று அவர் பழித்தாராம். 'அப்படியானால் நீரே செய்து காட்டும்' என்று அவ்வீட்டுப் பெண்கள் அறைகூவவே, கையிற் கிடைத்த கத்தரிக்கோலாற் கடிதத்தாள் ஒன்றை வெட்டி, விளக்குத் திரியின் கரியைப் பூசி, அவர்களுடைய தந்தையின் உருவத்தை அங்கேயே செய்து கொடுத்தார். 1835இல் அவர் வெளியிட்ட நூலில் இந்நிகழ்ச்சி வருகிறது. சொல்பவரே கதைத்தலைவராகவும் இருப்பதைக் கேட்போர் மனத்திற் கொள்ளலாம். ஆனால் அவர் வெட்டிய உருவங்களைப் பார்த்தவர்கள் கதையை நம்பவே விரும்புவர்.

எதுவார் முகத்தோடு நிற்காது பெரும்பாலும் முழு உருவத்தையே வெட்டினார். முதியவர் ஒருவரின் வளைந்த முதுகும், மூக்குக்கண்ணாடியை ஏந்திய கையும், சிறுவன் பம்பரத்தை நோக்கிக் குனிந்த குனிவும் முகத்தின் ஓரத்துக்கு ஒப்பாகச் சாயலைச் சொல்லும் என்பது அவர் கண்டறிந்தது. தூரத்தில் வருபவரை முகம் தெரியுமுன்னே நடையாலும் தோளாலும் நாம் அடையாளம் காண்கிறோமல்லவா? அதனையே அவர் கடுதாசிக்குக் கொண்டுவந்தார். நிழலுக்குப் பொன்வண்ணக் கோடுகள் தீட்டி மயிரையும் உடையையும் காட்டும் அக்கால வழக்கத்தை அவர் வன்மையாகக் கண்டித்தார். நிழலுக்கு நிறம் ஏது என்பது அவர் வாதம். சட்டையின் கழுத்துப்பட்டை வெண்மையாகத் தெரியவேண்டுமாயின், கறுப்பில் மெல்லிய பிளவொன்றை வெட்டிப் பின்னுள்ள வெள்ளைத் தாளைத் தோன்றவிடுவார். வெட்டிய உருவங்கள் அறை, தோட்டம் முதலியன தீட்டிய அட்டைகளில் ஒட்டப்படுவதும் உண்டு. தட்டையான உருவுக்கு நிற்க ஒரு நிலம் கிடைத்துவிடும்.

வெட்டும் முறையிலும் ஒரு மரபு உண்டு. வெட்டுபவர் கத்தரிக்கோலைத் திருப்புவதில்லை. அது ஏறத்தாழ ஒரே திசையில் நிற்க, மற்றக் கை கடுதாசியையே சுழற்றிக் கொடுக்கும். கூர்நுனியால் கொத்திக் கொத்தி வெட்டினால் ஓரம் பற்பற்களாகிவிடும். ஆகையால் அலகின் உட்பகுதியால் இடையறாது வெட்டிச் செல்வர். சரிபார்க்கும்போது கறுப்பை நோக்காது, முகத்துக்கு முன்னே உள்ள வெள்ளை வெளியின் வடிவத்தை நோக்குவர்; உருவத்தைத் தலைகீழாகத் திருப்பியும் பார்ப்பர். தெரிந்த முகம் என்ற எண்ணம் அகன்றவுடன், கண் மறைத்துவைத்த பிழை தானே வெளிப்படும்.

இன்று ஒளிப்படத்தைப் பார்த்து இவ்வாறு வெட்டுவோருக்கும் பழைய இடர்களே வேறு வேடத்தில் வருகின்றன. பக்கத் தோற்றத்தில், சன்னலின் ஒளி பின்னிருக்க, ஆறேழடிக்கு அப்பால் நின்று, கண்மட்டத்தில் எடுத்த படமே உதவும். அப்படத்திலும் மூக்கின் அடிவேர்ப் பள்ளத்தையும் இமைமயிரையும் முதலிற் சோதிக்க வேண்டும். நேர்முகப் படமோ வேறு வகையானது. அங்கே தலையின் ஓரம் முட்டை வடிவன்றி அதிகம் சொல்லாது. சாயல் உள்ளே புகுந்துவிடுகிறது. ஆகையால் வெள்ளை, சாம்பல், கறுப்பு என மூன்று கடுதாசிகளை வெட்டி ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டவேண்டியிருக்கும். புருவம், கண்குழி, மூக்கின் ஒரு பக்கத்து நிழல் என்பவற்றைத் தனித்தனித் துண்டுகளாக வெட்டுபவர் முகமூடியொன்றையே பெறுவார். நிழல் எங்கே தொடர்ந்து ஓடுகிறதோ அங்கே அவை ஒரே துண்டாக இணையவேண்டும். ஒளிபட்ட கன்னம் பின்னணியோடு கலந்தால் அங்கே ஓரமே வேண்டியதில்லை. விடுபட்ட கோட்டைப் பார்ப்பவரின் கண் தானே நிரப்பிக்கொள்ளும். ஆயினும் முன்விளக்கு நேராக முகத்தில் வீசி நிழலை அழித்துவிட்ட படத்திலிருந்து எத்தனை வல்ல கையும் இதனைச் செய்ய இயலாது.

எதுவார் 1839இல் அமெரிக்காவுக்குக் கப்பலேறினார். ஒளிப்படக்கலை உலகுக்கு அறிவிக்கப்பட்டதும் அவ்வாண்டிலேயே. பத்தாண்டுகள் அவர் ஊரூராகச் சென்று வெட்டினார்; முன்னாட் சனாதிபதி ஜோன் குவின்சி அடம்ஸ், கவிஞர் லோங்பெலோ முதலியோரும் அவர் முன் நின்றனர். ஆனால் முகத்தின் ஒவ்வொரு சுருக்கத்தையும் வெள்ளித்தகட்டிற் பதிக்கும் புதிய தொழில் அவருடைய வாடிக்கையாளரை ஆண்டுதோறும் கவர்ந்துகொண்டது.

அவருடைய பழக்கம் ஒன்று இங்கே முக்கியமாகிறது. கடுதாசியை இரண்டாக மடித்தே அவர் வெட்டுவார். ஒன்று வாங்கியவருக்கு, மற்றொன்று பெரிய ஏடொன்றில் ஒட்டப்பட்டு, பெயர், ஊர், திகதி என்பன எழுதப்பெற்று அவரிடமே தங்கும். இத்தகைய ஏடுகளோடு அவர் 1849 டிசம்பரில் 'ஒனைடா' என்னும் கப்பலில் ஐரோப்பாவுக்குத் திரும்பினார். கேர்ன்சித் தீவின் வேசன் விரிகுடாவிற் கப்பல் உடைந்தது. உயிர்கள் தப்பின, ஏடுகளுட் பெரும்பகுதி கடலுக்கு இரையாயிற்று. அறுபது வயதான எதுவாரை அத்தீவின் லூக்கிஸ் குடும்பத்தார் வீட்டில் வைத்துப் பேணினர். எஞ்சிய ஏடுகளை அவர் அவர்களுக்கே கொடுத்துவிட்டார். அதன்பின் தொழிலை அவர் பெரிதாகத் தொடரவில்லை. 1861இற் கலேக்கு அருகிலுள்ள கின் என்ற ஊரிற் காலமானார்.

அரை நூற்றாண்டு அவ்வேடுகளை எவரும் தேடவில்லை. நிழலுருவங்களை ஆராய்ந்துகொண்டிருந்த எமிலி நெவில் ஜாக்சன் என்னும் ஆங்கில அம்மையார் கையில் 1911ஆம் ஆண்டளவில் அவை வந்து சேர்ந்தன. ஆயிரக்கணக்கான உருவங்கள், ஒவ்வொன்றின் கீழும் எதுவாரின் கையெழுத்தில் ஒரு பெயர். அமெரிக்கக் குடும்பங்களிற் பலவற்றில் அவற்றின் இணைகள் சுவரில் தொங்கின. அவை யாருடையவை என்பதை வீட்டார் மறந்தே போயிருந்தனர். ஒரே மடிப்பில் வெட்டப்பட்டமையால் அவ்விணைகள் எதிர்த்திசை நோக்கியிருக்கும். வீட்டிலுள்ளது இடம் நோக்கினால் ஏட்டிலுள்ளது வலம் நோக்கும். இரண்டையும் எதிரெதிரே வைத்து, மூக்கின் அடிவேர்ப் பள்ளமும் மேலுதடும் மோவாயும் பொருந்துகின்றனவா என்று பார்த்தே, பெயரிழந்த பாட்டனார் பலருக்கு அவர்தம் பெயரைத் திரும்பக் கொடுத்தனர்.